மூச்சு தயார், எலும்பு தயாரில்லை

"இந்த ஒரு மாசத்துல நான் விசில் அடிச்சதும் ஓட்டத்தை நிறுத்திட்டு நடந்தீங்க பாருங்க, முதல் சபாஷ் அதுக்குத்தானுங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆனாலும் நடந்தீங்க."

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில், நடையும் ஓட்டமும் கலந்த பயிற்சியில் முதல் மாதத்தை முடித்தவர்களிடம் அவர்களுடைய பயிற்சியாளர் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் அவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் 'மாஸ்டர்'தான். எதிரே நின்றவர்களில் ஜவுளிக்கடைக்காரர், மில்லில் ஷிப்ட் பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, ஐ.டி. இளைஞர், பேரன் எடுத்த ஒரு அம்மா எனப் பலரும் இருந்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாதவர்களே அதிகம். வேகமாக ஓடியவரைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இந்த சபாஷ் கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது.

அவர் அடுத்துப் பாராட்டியதும் அப்படித்தான். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த மில்காரர், "இன்னிக்கு ஓட முடியாதுங்க மாஸ்டர், நடந்துட்டுப் போறேன்" என்று சொல்லி ஒரு நாள் முழுக்க நடந்தே முடித்தார். அதற்கு ஒரு சபாஷ். மூன்றாவது வாரத்தில் கால் வலித்ததும் மறைக்காமல் வந்து சொன்ன ஆசிரியைக்கு இன்னொன்று. குழுவிலேயே நன்றாக ஓடக்கூடிய ஐ.டி. இளைஞர் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

இவர்கள் பின்பற்றும் திட்டம் மாஸ்டர் கண்டுபிடித்ததல்ல. ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல் தன் அம்மாவையும் ஓட வைக்கலாமே என்று யோசித்துப் போட்ட ஒன்பது வாரக் கணக்கு அது. 'கவுச் டு ஃபைவ் கே' என்று உலகம் முழுக்கப் பரவி, பிற்பாடு பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையே இலவச செயலியாக வெளியிடும் அளவுக்குப் பேர் வாங்கியது. வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும் முதலில் ஐந்து நிமிடம் விறுவிறு நடை. முதல் வாரத்தில் ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். நான்காவது வாரம் வரும்போது மூன்று நிமிட ஓட்டம், ஐந்து நிமிட ஓட்டம், மறுபடி மூன்று, மறுபடி ஐந்து. இடையிடையே ஒன்றரை முதல் இரண்டரை நிமிட நடை. கூட்டிப் பார்த்தால் முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் ஓடியவர் இப்போது பதினாறு நிமிடம் ஓடுகிறார். ஒரே மாதத்தில் இரண்டு மடங்கு.

இந்த இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்கிறார் மாஸ்டர். முதல் நாளில் இல்லை, நாலாவது வார முடிவில்.

முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓடியதற்கே நெஞ்சு படபடத்திருக்கும். நான்காவது வாரத்தில் ஐந்து நிமிடம் ஓடியும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிகிறது. உடம்பு ஏமாற்றவில்லை, உண்மையிலேயே மாறியிருக்கிறது. ஓட்டம் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுவதால், அதே வேலைக்குக் குறைவான துடிப்பு போதும். தசைகளும் அடுத்தடுத்த வாரங்களில் ஆக்சிஜனை இன்னும் நன்றாகப் பயன்படுத்தப் பழகிக்கொள்கின்றன. மூச்சும் தசையும் இப்படிச் சீக்கிரம் படிந்துவிடுகின்றன. எலும்பும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணும் அப்படிப் படிவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

எலும்பு செத்த பொருள் இல்லை. புதிய சுமை வரும்போது அது தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. ஆனால் வீட்டுச் சுவரைப் பழுது பார்க்கிற கொத்தனார் மாதிரி, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூசும். கொத்தி எடுக்கிற வேலை ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்துவிடும். புது எலும்பு படிந்து கெட்டியாக மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆக, ஒருவர் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆகும் நேரத்தில், சுமை தாங்கும் இடங்களில் கொத்திய பகுதி கூடுதலாகவும் பூசிய பகுதி குறைவாகவும் இருக்கிறது. மூச்சு 'இன்னும் போகலாம்' என்று சொல்கிற அதே வாரத்தில் எலும்பு கொஞ்சம் பலவீனமான நிலையில் இருக்கிறது. விசிலுக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்களை மாஸ்டர் முதலில் பாராட்டியதற்கு இதுதான் காரணம்.

இதை முதலில் எழுதி வைத்தவர் ஓட்டப் பயிற்சியாளர் இல்லை, ராணுவ மருத்துவர். பிரஷ்யப் படையில் இருந்த பிரைட்ஹாப்ட், 1855-ல், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்கு அடிபடாமலேயே பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல் என்பதால், அவருக்குக் காரணம் தெரிய வழியில்லை. எக்ஸ்-ரே வந்த பிறகுதான், அது பாத எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல் என்று தெரிந்தது. இன்றைக்கும் அதற்கு 'மார்ச் முறிவு' என்று ஒரு பெயர் உண்டு; மருத்துவர்கள் 'ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்' என்பார்கள். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்குப் பயிற்சியின் முதல் ஓரிரு மாதங்களில்தான் இது அதிகம் வருகிறது. ரேஸ்கோர்ஸில் ஓடுகிற ஜவுளிக்கடைக்காரரின் எலும்புக்கும் சிப்பாயின் எலும்புக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

சுமை எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். நடக்கும்போது எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் காலில் இறங்கும். ஓடும்போது இரண்டு பாதமும் ஒரு கணம் தரையை விட்டுவிடுகின்றன. பிறகு மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் இறங்குவதால் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு விசை ஏறுகிறது. 70 கிலோ ஆள் என்றால் ஒவ்வொரு எட்டுக்கும் 150 கிலோவுக்கு மேல். நிமிடத்துக்கு 160 எட்டு என்று வைத்துக்கொண்டால், பதினாறு நிமிடத்தில் ஒவ்வொரு காலும் 1,280 முறை இதைத் தாங்குகிறது. நடை இடைவெளி என்பது மூச்சு வாங்குவதற்கு மட்டுமில்லை. இந்தத் தொடர் அடிகளுக்கு நடுவே காலுக்குக் கிடைக்கும் சாவகாசமும் அதுதான்.

ஐ.டி. இளைஞரின் கதைக்கு இப்போது வரலாம். அவருக்கு 29 வயது. முதல் வாரத்திலேயே மூச்சு வாங்கவில்லை. "எனக்கு இது பத்தலீங்க மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழுவுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஐந்து கிலோமீட்டர் ஓடவும் தொடங்கினார். நான்காவது வாரத்தில் வலது பாதத்தின் மேற்பக்கத்தில் வலி. ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் போய்விடும் வலி இல்லை. ஓட ஓடக் கூடியது. ராத்திரி படுத்த பிறகும் விண்விண்ணென்று தெறித்தது.

மாஸ்டர் அவரை நடைபாதையோரத் திண்டில் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, ஒற்றை விரலால் பாதத்து எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், ஒரு ரூபாய் நாணய அளவுகூட இல்லாத ஓர் இடத்தில் விரல் பட்டதும் ஆள் துள்ளிவிட்டார். "எலும்பு டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் ஓட வேண்டாம்" என்றார் மாஸ்டர். எக்ஸ்-ரே எடுத்தார்கள், விரிசல் எதுவும் தெரியவில்லை. இளைஞருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மருத்துவர் அவரை விடவில்லை. இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது; எலும்பு ஆறத் தொடங்கி, சுற்றிலும் புது எலும்பு படியும்போதுதான் தெரியும். உடனே பார்க்க வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். ஸ்கேனில் விரிசல் உறுதியானது. ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார். சீக்கிரமே நின்றுகொண்டதால் அதோடு போயிற்று. தொடர்ந்து ஓடியிருந்தால் மயிரிழை விரிசல் முழு முறிவாகியிருக்கலாம்.

ஆசிரியைக்கு வந்தது வேறு வலி. 47 வயது. இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேலே, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் மந்தமான வலி. மாஸ்டர் விரலால் அழுத்திக்கொண்டே போனபோது, ஏறக்குறைய நான்கு விரற்கடை நீளத்துக்கு அங்கங்கே வலித்தது. 'இதோ இந்த இடம்' என்று சுட்ட ஒரு புள்ளி இல்லை. நடக்கத் தொடங்கிச் சூடேறியதும் குறைந்தது. ராத்திரியில் வலியே இல்லை. ஓட்டக்காரர்கள் 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்று சொல்வது இதைத்தான். எலும்பும் அதை ஒட்டிய சவ்வும் 'வேலை கூடிப்போச்சு' என்று முணுமுணுக்கிற கட்டம். முழுக்க நிறுத்தத் தேவையில்லை, குறைத்தால் போதும். அவருக்கு மாஸ்டர் இரண்டாவது வாரத்துக் கணக்கைத் திரும்பக் கொடுத்தார்: ஒன்றரை நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. மூன்று நாளில் ஒரு நாளை முழு நடையாக மாற்றினார். அடிப்பாகம் தேய்ந்து பளபளப்பாகியிருந்த பழைய ஷூவையும் மாற்றச் சொன்னார். பத்து நாளில் வலி அடங்கியது.

வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளவும் இதே வழிதான். வலி பரவலாக இருந்து, ஓட ஓடக் குறைந்தால் பயிற்சியைக் குறையுங்கள். ஒரே புள்ளியில் எலும்பின் மேல் குத்தினால், ராத்திரியிலும் வலித்தால், அந்தக் கால் ஒன்றில் மட்டும் நின்று மெல்லக் குதிக்கும்போது சுருக்கென்றால், ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த நாள் ஓடுவது நம் ஊரில் ரொம்ப சகஜம். வலியை மறைக்கிறதே தவிர, தைலத்துக்கு எலும்போடு ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்த மாதத்துக்கான கணக்கை விளக்கத்தான் மாஸ்டர் அன்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மூலத் திட்டத்தில் ஐந்தாவது வாரம் பேர்போனது. முதல் நாள் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று முறை, இடையில் மூன்று நிமிட நடை. இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவில் ஐந்து நிமிட நடை. மூன்றாம் நாள் ஒரே மூச்சாக இருபது நிமிடம், நடையே கிடையாது. இதைப் பார்த்துத்தான் பலர் அரண்டு போய்த் திட்டத்தையே கைவிடுகிறார்கள். ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் நாள் பதினைந்து, இரண்டாம் நாள் பதினாறு, மூன்றாம் நாள் இருபது. போன வாரமே பதினாறு நிமிடம் ஓடியாயிற்று. ஓட்டம் நான்கு நிமிடம்தான் கூடுகிறது. நடை இல்லாமல் போவதுதான் மிரட்டுகிறது.

அதனால் மாஸ்டர் இந்த ஒரு வாரத்தை இரண்டு வாரமாக நீட்டிவிட்டார். ஐந்தாவது வாரத்தில் மூன்று நாளும் முதல் நாள் கணக்குதான். ஆறாவது வாரத்தில் இரண்டு நாள் எட்டு நிமிட ஓட்டங்கள், கடைசி நாளில் இருபது நிமிடம். வலி இருப்பவர்களும், காய்ச்சல் கல்யாணம் என்று ஒரு வாரம் வராமல் போனவர்களும் நான்காவது வாரத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசிரியை மூன்றாவது வாரத்தில் இருக்கிறார். "நான் மட்டும் பின்தங்கிட்டேனுங்களா?" என்று கேட்டார். "உங்க எலும்புக்கு உங்க கேலண்டருங்க" என்றார் மாஸ்டர்.

இருபது நிமிடத்தை யாரும் தாண்டிவிடலாம், வேகத்தைக் குறைத்தால். முதல் மாதத்துக்காரர்கள் அத்தனை பேரும் செய்கிற தவறு, ஓட்டம் என்றதும் கிளம்பிய வேகத்தில் பாய்வது. மாஸ்டரிடம் இதற்கு எளிய அளவுகோல் உண்டு. ஓடிக்கொண்டே, "நேத்து ராத்திரி எங்க வீட்டுல இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும்" என்று முழு வாக்கியமாக நிறுத்தாமல் சொல்ல முடிய வேண்டும். 'நேத்து... ராத்திரி...' என்று வார்த்தை வார்த்தையாகப் பிய்ந்து வந்தால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணைவிட, புதியவர்களுக்கு இதுதான் நம்பகமானது. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சென்னையில் விடியற்காலையில் வெயில் இருக்காது, ஆனால் காற்றில் ஈரம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வியர்வை உலராமல் வழிந்து போவதால் உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். கோவையில் ஓடிய வேகத்தில் மெரினாவில் ஓடினால் இட்லி வாக்கியம் பாதியில் நின்றுவிடும்.

ஓடாத நாட்களுக்கு அவர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து முறை செய்து, ஒரு நிமிடம் நின்று, இன்னொரு பதினைந்து. கெண்டைக்கால் தசையும் குதிகாலுக்குப் பின்னால் இறங்குகிற தசைநாணும்தான் ஓட்டத்தில் அதிகம் உழைக்கின்றன. தசைநாண் மெல்லப் பலப்படுவது. அதற்கு இப்படிப் பளுவை மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பேரன் எடுத்த அம்மாவுக்கு வேறு பாதை. அவருக்கு வயது 61, முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டிய கட்டாயமே அவருக்கு இல்லை. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முப்பது நிமிடம் போவார். அடுத்த மாதமும் அதையேதான் செய்வார். இதைக் கத்துக்குட்டிகளின் வழி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, 1974 முதல் புதியவர்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தார். களைத்த பிறகு நடக்காதீர்கள், களைப்பதற்கு முன்பே நடந்துவிடுங்கள் என்பது அவருடைய முறை. முழு மாரத்தானையே அப்படி முடிப்பவர்கள் ஏராளம்.

ஒருவருக்கு மட்டும் மாஸ்டர் பயிற்சியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர்; ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தும் இரண்டாவது வாரத்தைத் தாண்ட முடியவில்லை. கால் வலி கிடையாது, மூச்சுதான் திணறுகிறது. மாடி ஏறினாலும் படபடப்பு. ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லாத ரத்தத்தை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சித் திட்டத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது என்பதையும், பையில் குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

கடைசியில் ஜவுளிக்கடைக்காரர் கேட்டார்: "ஒன்பது வாரம் முடிஞ்சா அஞ்சு கிலோமீட்டர் ஓடிருவோமுங்களா?"

திட்டத்தின் பெயரில் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் அதன் முடிவில் இருப்பது முப்பது நிமிட ஓட்டம். அந்த நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் போக, கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகம் வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் இப்போது பேசிக்கொண்டே ஓடுவது கிலோமீட்டருக்கு எட்டு நிமிட வேகத்தில். முப்பது நிமிடத்தில் அவர் போகும் தூரம் மூன்றே முக்கால் கிலோமீட்டர். இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரேஸ்கோர்ஸில் ஒன்றரைச் சுற்று. மீதி ஒன்றேகால் கிலோமீட்டருக்கு அவர் வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை, இன்னும் பத்து நிமிடம் ஓட வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாகச் சேர்த்தால் அதற்கு மேலும் ஒரு மாதமாகும். மாஸ்டர் இந்தக் கணக்கை மணலில் குச்சியால் எழுதியே காட்டினார். ஜவுளிக்கடைக்காரர் ஒரு நிமிடம் அதையே பார்த்துவிட்டு, "அப்போ ஆடித் தள்ளுபடி முடிஞ்சுதான் ஆகும்" என்றார்.